பெயரருகே ஒரு டிக் குறி: அது எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி அல்ல?

மின்னஞ்சல் பெட்டியிலும் சமூக ஊடகத்திலும் பெயருக்கு அருகில் தெரியும் லோகோவும் நீல நிற டிக் குறியும் எந்தச் சோதனையின் முடிவாக அங்கே வந்து நிற்கின்றன, அந்தச் சோதனையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை ஆராயும் சிறப்புக் கட்டுரை.

மின்னஞ்சல் பெட்டியில் ஒரு நிறுவனத்தின் பெயரும், அதன் இடப்பக்கத்தில் வட்டத்துக்குள் அதன் லோகோவும், பெயரை ஒட்டி ஒரு நீல டிக் குறியும் தெரியும்போது, பெரும்பாலான வாசகர்கள் அதை 'இந்தக் கடிதத்தை நம்பலாம்' என்ற ஒற்றை வாக்கியமாகவே வாசிக்கிறார்கள். ஆனால் அந்தக் குறியைப் போடுகிற கணினி அப்படி எதையும் சொல்வதில்லை. தன்னிடம் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே அது விடை கண்டிருக்கிறது. இந்த மின்னஞ்சல் இன்ன இணைய முகவரிக்கு உரியவரின் ஒப்புதலோடு வந்ததா என்பது முதல் கேள்வி. அந்த முகவரிக்கு உரியவருக்கு இந்த லோகோவைப் பயன்படுத்தும் உரிமை உண்டா என்பது இரண்டாவது கேள்வி. கடிதத்தில் எழுதியிருப்பது உண்மையா, அதை எழுதியவர் நேர்மையானவரா, வாசகர் மனத்தில் நினைக்கும் நிறுவனம்தான் அதுவா என்ற கேள்விகள் கேட்கப்படவே இல்லை. கேட்கப்பட்ட கேள்விக்கும் வாசகர் எடுத்துக்கொள்ளும் பொருளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் கடந்த சில ஆண்டுகளின் குறிப்பிடத்தக்க மோசடிகள் பல நடந்துள்ளன.

பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை

மின்னஞ்சல் முறை வடிவமைக்கப்பட்ட காலத்தில் அனுப்புநரின் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் சேர்க்கப்படவில்லை. அனுப்புநர் என்று திரையில் தெரிவது இரண்டு பகுதிகளால் ஆனது: ஒன்று, எவரும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக்கூடிய காட்சிப்பெயர், மற்றொன்று, @ குறியோடு கூடிய முகவரி. கைப்பேசித் திரையில் இடம் குறைவு என்பதால் பெரும்பாலான செயலிகள் காட்சிப்பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. ஆகவே தொடர்பே இல்லாத ஒரு முகவரியிலிருந்து ஒரு வங்கியின் பெயரைக் காட்சிப்பெயராக இட்டு அனுப்புவதற்கு எந்தத் தொழில்நுட்பத் திறமையும் தேவைப்படுவதில்லை.

முகவரிப் பகுதியும்கூட ஒன்றல்ல. ஒரு தபால் உறையின் பின்புறம் எழுதப்படும் அனுப்புநர் முகவரியும், உள்ளே இருக்கும் கடிதத்தின் தலைப்பில் அச்சிடப்பட்டிருக்கும் நிறுவனப் பெயரும் வேறுவேறாக இருக்கலாம் என்பது போலவே, மின்னஞ்சலிலும் சேவையகங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் 'உறை' முகவரி வேறாகவும், பெறுநரின் கண்ணுக்குத் தெரியும் 'கடிதத் தலைப்பு' முகவரி வேறாகவும் இருக்க முறை இடம் கொடுக்கிறது. பொய் முகவரியைத் தடுக்க வந்த எல்லா ஏற்பாடுகளும் இந்த இரண்டையும் ஏதோ ஒரு வகையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முயற்சிகளே.

மூன்று சோதனைகள்

முதல் சோதனைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். ஒரு டொமைனுக்கு, அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயருக்கு, உரியவர் தம் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்தெந்தச் சேவையகங்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலை, இணையத்தின் பொது முகவரிப் புத்தகமான டி.என்.எஸ். பதிவில் வெளியிடுகிறார். பெறுகின்ற சேவையகம், உறையில் உள்ள டொமைனின் பட்டியலை எடுத்துப் பார்த்து, கடிதம் கொண்டுவந்த சேவையகத்தின் எண் முகவரி அதில் இருக்கிறதா என்று ஒப்பிடுகிறது. சுருங்கச் சொன்னால், இது கொண்டுவந்தவரைச் சரிபார்க்கிறதே ஒழிய கடிதத்தைச் சரிபார்ப்பதில்லை.

இரண்டாவது சோதனையான டி.கே.ஐ.எம். கடிதத்தையே சரிபார்க்கிறது. அனுப்புகின்ற நிறுவனம் தன்னிடம் மட்டும் உள்ள ஒரு மறைச்சாவியால், கடிதத்தின் உள்ளடக்கத்துக்கும் தலைப்பு வரிகளில் முக்கியமானவற்றுக்கும் சேர்த்து ஒரு மின்னொப்பம் இடுகிறது. அந்த ஒப்பத்தைச் சோதிப்பதற்கான பொதுச்சாவி அந்த டொமைனின் டி.என்.எஸ். பதிவிலேயே எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்படுகிறது. வழியில் ஒப்பமிட்ட பகுதி மாறினால் ஒப்பம் பொருந்தாமல் போய்விடும். மறைச்சாவி கையில் இல்லாதவரால் அந்த ஒப்பத்தைப் போடவும் முடியாது.

மூன்றாவதான டிமார்க், முதல் இரண்டின் முடிவுகளையும் பெறுநர் கண்ணுக்குத் தெரியும் முகவரியோடு இணைக்கிறது. எஸ்.பி.எஃப். சோதனையில் தேறிய டொமைனோ டி.கே.ஐ.எம். ஒப்பமிட்ட டொமைனோ, இரண்டில் ஏதேனும் ஒன்று கண்ணுக்குத் தெரியும் முகவரியின் டொமைனோடு பொருந்தினால் கடிதம் தேறுகிறது. இரண்டுமே பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் டொமைனுக்கு உரியவரே கொள்கையாக அறிவித்திருப்பார். அந்தக் கொள்கை மூன்று வகைப்படும்: எதுவும் செய்ய வேண்டாம், சந்தேகப் பெட்டிக்கு அனுப்புக, ஏற்க மறுத்துவிடுக. 'இரண்டில் ஏதேனும் ஒன்று' என்ற சலுகை நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. ஏனெனில் நேர்மையான கடிதங்கள்கூட வழியில் இன்னொரு சேவையகத்தால் முன்னனுப்பப்படும்போது எஸ்.பி.எஃப். சோதனையில் தோற்றுவிடுகின்றன. ஆனால் அந்தச் சலுகையே பின்னர் ஒரு பெரும் ஓட்டைக்கு வழிவிட்டது என்பதைக் கீழே காணலாம்.

லோகோ எப்படி வந்து சேர்கிறது?

மேற்சொன்ன மூன்று சோதனைகளும் திரைக்குப் பின்னால் நடப்பவை. வாசகருக்கு அவற்றின் முடிவு தெரிவதில்லை. அந்த முடிவைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக மாற்றுவதற்காக வந்த முறைக்குப் 'பிமி' என்று பெயர். டிமார்க் கொள்கையைச் 'சந்தேகப் பெட்டி' அல்லது 'மறுப்பு' என்ற கடுமையான நிலையில் வைத்திருக்கும் நிறுவனம் மட்டுமே இதில் சேர முடியும். அது தன் டி.என்.எஸ். பதிவில், லோகோவின் படக்கோப்பு எங்கே இருக்கிறது, அதற்கான சான்றிதழ் எங்கே இருக்கிறது என்ற இரண்டு விவரங்களைச் சேர்க்கிறது. எடுத்துக்காட்டுக்காகவே ஒதுக்கப்பட்ட ஒரு டொமைனைக் கொண்டு சொன்னால் அந்தப் பதிவு இப்படி அமையும்:

```
default._bimi.example.com  TXT
"v=BIMI1; l=https://example.com/logo.svg; a=https://example.com/logo.pem"
```

இதில் `l=` என்பது லோகோவையும் `a=` என்பது சான்றிதழையும் சுட்டுகின்றன. வி.எம்.சி. எனப்படும் அந்தச் சான்றிதழ்தான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. டிஜிசெர்ட் போன்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் இதை வழங்குகின்றன. வழங்குவதற்கு முன், விண்ணப்பித்த நிறுவனம் சட்டப்படி இருக்கிறதா, டொமைன் அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வது உண்மையா, அந்த லோகோ அங்கீகரிக்கப்பட்ட ஒரு நாட்டின் வணிகச் சின்னப் பதிவகத்தில் அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். சான்றிதழின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டு; அறிமுகக் காலத்தில் அதன் ஆண்டுக் கட்டணம் ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் இருந்தது.

ஜிமெயில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் இந்த லோகோக்களைக் காட்டத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், வி.எம்.சி. பெற்ற அனுப்புநர்களின் பெயரருகே நீல டிக் குறியையும் சேர்த்தது. பின்னர் 2024ஆம் ஆண்டில், வணிகச் சின்னம் பதிவு செய்யாத நிறுவனங்களுக்காகச் சி.எம்.சி. என்ற இன்னொரு சான்றிதழையும் அது ஏற்றுக்கொண்டது. அந்த லோகோவைக் குறைந்தது ஓராண்டாகப் பொதுவெளியில் பயன்படுத்தி வந்ததற்கான சான்று இருந்தால் இது கிடைக்கும். இந்தச் சான்றிதழோடு வரும் கடிதத்துக்கு ஜிமெயிலில் லோகோ உண்டு, டிக் குறி இல்லை. யாகூ சான்றிதழ் இல்லாமலேயே லோகோவைக் காட்ட இடமளிக்கிறது. ஆப்பிளின் அஞ்சல் செயலி சான்றிதழைக் கேட்கிறது, ஆனால் அது காட்டும் அடையாளச் சொற்கள் வேறு. ஆகவே ஒரே லோகோ, பார்க்கும் செயலியைப் பொறுத்து வெவ்வேறு அளவு சோதனையின் விளைவாக இருக்கக்கூடும்.

2023 ஜூன்: டிக் குறியோடு வந்த போலி

ஜிமெயிலில் டிக் குறி வந்து ஒரு மாதம் கடந்த நிலையில், அமெரிக்கப் பாதுகாப்புப் பொறியாளர் ஒருவருக்கு யு.பி.எஸ். என்ற பொதிச்சேவை நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெயர், லோகோ, டிக் குறி மூன்றும் முறைப்படி இருந்தன. டிக் குறியின் மேல் சுட்டியை வைத்தால், அனுப்புநர் அந்த டொமைனுக்கும் லோகோவுக்கும் உரியவர் என்பது சரிபார்க்கப்பட்டதாக ஜிமெயிலே விளக்கமும் தந்தது. ஆனால் அந்தக் கடிதத்தை யு.பி.எஸ். அனுப்பவில்லை. அது பல கைமாறி, கடைசியில் மைக்ரோசாஃப்டின் வணிக அஞ்சல் சேவையகங்கள் வழியாக ஜிமெயிலை வந்தடைந்திருந்தது. பொறியாளர் கூகுளிடம் முறையிட்டபோது, இது எதிர்பார்த்தபடியே நடக்கிறது என்று கூறி முதலில் புகார் மூடப்பட்டது; விஷயம் பொதுவெளியில் பரவிய பிறகு அதே புகார் மீண்டும் திறக்கப்பட்டு உயர் முன்னுரிமை பெற்றது.

பிழை எங்கே இருந்தது என்பதை அறிய, மேலே சொன்ன 'இரண்டில் ஏதேனும் ஒன்று' என்ற சலுகைக்குத் திரும்ப வேண்டும். ஜிமெயில் அன்று டிக் குறி வழங்குவதற்கும் அதே சலுகையைக் கடைப்பிடித்தது, எஸ்.பி.எஃப். மட்டும் பொருந்தினாலே போதும், டி.கே.ஐ.எம். ஒப்பம் வேறு எந்த டொமைனுடையதாக இருந்தாலும் கவலையில்லை என்ற நிலை. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் தமக்கெனத் தனி அஞ்சல் சேவையகம் வைத்துக்கொள்வதில்லை. மைக்ரோசாஃப்ட் போன்ற ஒரு சேவையை வாடகைக்கு எடுத்து, அந்தச் சேவையின் சேவையகங்கள் அனைத்தையும் தம் எஸ்.பி.எஃப். பட்டியலில் ஒரே வரியில் சேர்த்துவிடுகின்றன. அதே சேவையகங்கள் ஆயிரக்கணக்கான பிற வாடிக்கையாளர்களின் கடிதங்களையும் சுமக்கின்றன. எஸ்.பி.எஃப். சோதனை கேட்பது 'இந்தச் சேவையகம் பட்டியலில் இருக்கிறதா' என்பதை மட்டுமே. 'அதன் வாடிக்கையாளர்களில் யார் இதை அனுப்பினார்' என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு டொமைனின் பட்டியலில் உள்ள பொதுச் சேவையகம் ஏதோ ஒன்றின் வழியாகக் கடிதத்தைக் கடத்திவிட முடிந்த எவருக்கும், அந்த டொமைன் பெரும் பொருட்செலவில் சம்பாதித்த டிக் குறி இலவசமாகக் கிடைத்துவிட்டது.

கூகுள் சில நாட்களுக்குள் விதியை மாற்றியது: டிக் குறிக்கு இனி டி.கே.ஐ.எம். ஒப்பம் கட்டாயம். மறைச்சாவி ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனியானது என்பதால், பொதுச் சேவையகத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள் ஒருவர் பெயரில் மற்றவர் ஒப்பமிட முடியாது. குறிப்பிட்ட ஓட்டை இதனால் அடைபட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த நிகழ்வில் வணிகச் சின்னப் பதிவோ சான்றிதழோ பொய்யாக்கப்படவில்லை, யு.பி.எஸ். நிறுவனத்தைப் பற்றிய சோதனைகள் அனைத்தும் சரியாகவே நடந்திருந்தன. அந்தச் சோதனைகளைக் குறிப்பிட்ட ஒரு கடிதத்தோடு கட்டிவைத்த முடிச்சுதான் தளர்ந்திருந்தது. ஒரு சங்கிலியின் பிற கண்ணிகள் எவ்வளவு வலுவாக இருந்தாலும், திரையில் தெரியும் குறி அதன் மிக மெலிந்த கண்ணியின் வலுவையே பெற்றிருக்கும்.

அனுப்புநர் உண்மை, செய்தி பொய்

அந்த ஓட்டை அடைபட்ட பிறகும், எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாத ஒரு வகை மிஞ்சுகிறது: அனுப்புநர் முழுக்க முழுக்க உண்மையானவராகவும், செய்தி மோசடிக்காரர் எழுதியதாகவும் இருக்கும் வகை. பேபால் பணப்பரிமாற்றச் சேவையில் எவரும் கணக்குத் தொடங்கி, இன்னொருவருக்குப் பணக் கோரிக்கை அனுப்பலாம். கோரிக்கையோடு ஒரு குறிப்பும் எழுதலாம். மோசடிக்காரர்கள் அந்தக் குறிப்பில், பெறுநரின் கணக்கிலிருந்து பெருந்தொகை எடுக்கப்படவிருப்பதாகவும், அதைத் தடுக்க உடனே ஒரு தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும் என்றும் எழுதுகிறார்கள். கோரிக்கையைப் பெறுநருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது பேபாலின் சொந்தச் சேவையகம். ஒப்பமிடுவது அதன் சொந்தச் சாவி. எனவே எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன, தேறவும் வேண்டும்; பொய்யாக இருப்பது குறிப்பும் அதிலுள்ள எண்ணும் மட்டுமே.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட இன்னொரு உத்தி இதைவிட நுட்பமானது. தாக்குபவர்கள் கூகுளில் ஒரு செயலியைப் பதிவு செய்து, அந்தச் செயலியின் பெயர் என்ற இடத்தில் தங்கள் மோசடிக் கடிதத்தின் முழு வாசகத்தையும் இட்டார்கள். பிறகு தங்கள் சொந்தக் கணக்கையே அணுகும் அனுமதியை அந்தச் செயலிக்குக் கொடுத்தார்கள். இப்படி ஓர் அனுமதி வழங்கப்பட்டால் கணக்குக்கு உரியவருக்குப் பாதுகாப்பு அறிவிப்பு அனுப்புவது கூகுளின் வழக்கம். அந்த அறிவிப்பில் செயலியின் பெயரும் இடம்பெறும். இவ்வாறு மோசடி வாசகத்தைச் சுமந்த ஒரு கடிதம், கூகுளின் முறையான ஒப்பத்தோடு தாக்குபவர்களின் பெட்டிக்கே வந்து சேர்ந்தது. அவர்கள் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மற்றவர்களுக்கு முன்னனுப்பினார்கள். ஒப்பம் கடிதத்தைக் காக்கிறதே தவிர, உறையில் எழுதப்படும் பெறுநர் யார் என்பதைக் காப்பதில்லை. ஆகவே அது புதிய பெறுநரிடமும் பழுதின்றிப் பொருந்தியது. கடிதத்தில் இருந்த இணைப்பும் கூகுளின் இலவச இணையப்பக்கச் சேவையிலேயே கட்டப்பட்ட ஒரு போலிப் பக்கத்துக்குச் சென்றதால், முகவரியைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் உள்ளவர்களும் ஏமாறக்கூடிய நிலை ஏற்பட்டது. இதைத் தடுக்கப் பின்னர் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஆயினும் ஒப்பமிட்டவரும் வாசகத்தை எழுதியவரும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடம் நிலைக்கிறது.

கணக்கே களவு போகும் நிலை இதன் மற்றொரு முகம். 2020ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று டுவிட்டர் நிறுவனத்தின் உட்கருவிகளைக் கைப்பற்றியவர்கள், பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ் உள்ளிட்டோரின் டிக் குறி பெற்ற கணக்குகளிலிருந்து, பிட்காயின் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகச் செய்தி வெளியிட்டார்கள். அந்தக் கணக்குகள் உண்மையிலேயே அவர்களுடையவை. குறி எதையும் தவறாகச் சொல்லவில்லை. கணக்கு யாருடையது என்பதற்குத்தான் அது சாட்சி. அந்த நேரத்தில் விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் யார் என்பதற்கு அல்ல.

ஒரே பெயர், இரு நிறுவனங்கள்

சரிபார்க்கப்பட்ட பெயர் என்பதும் தனித்த ஒரே பெயர் என்று பொருள்படாது. இணையதளங்களுக்கு வழங்கப்படும் விரிவான சரிபார்ப்புச் சான்றிதழ்களின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் அவற்றைப் பெற்ற தளங்களுக்கு உலாவியின் முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் சட்டப்பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தது. 2017ஆம் ஆண்டில் இயன் கேரல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 'ஸ்டிரைப்' என்ற பெயரில் ஒரு நிறுவனத்தைச் சட்டப்படியே பதிவு செய்து, அதே பெயரில் சான்றிதழும் வாங்கினார். மொத்தச் செலவு 177 டாலர். புகழ்பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனமான ஸ்டிரைப் வேறொரு மாநிலத்தில் பதிவானது என்பதால் சட்டத்துக்கோ சான்றளித்தவருக்கோ இதில் முரண்பாடு எதுவும் இல்லை. உலாவியில் மட்டும் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. 2019ஆம் ஆண்டில் குரோமும் ஃபயர்ஃபாக்சும் அந்தப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து அகற்றிவிட்டன.

பிமி முறை நிறுவனப் பெயருக்குப் பதிலாக வணிகச் சின்னத்தை ஆதாரமாகக் கொள்வதால் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கிறது. ஏனெனில் ஒரு சின்னத்தைப் பதிவு செய்வதற்கு ஆய்வும், எதிர்ப்புத் தெரிவிக்கக் கால அவகாசமும் உண்டு. ஆயினும் வணிகச் சின்னச் சட்டம் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கும் நாட்டுக்கும் ஏற்பவே உரிமை தருகிறது. டெல்டா என்ற பெயரை ஒரு விமான நிறுவனமும் ஒரு குழாய் தயாரிப்பு நிறுவனமும் அமெரிக்காவில் சட்டப்படியே பயன்படுத்துகின்றன. இவற்றில் எது அனுப்பினாலும் டிக் குறி பொய் சொன்னதாகாது; எந்த டெல்டா என்பதை மட்டும் வாசகரே முகவரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

அதே வடிவம், வேறு கேள்வி

டிக் குறியைப் பொதுமக்களுக்குப் பழக்கப்படுத்தியதில் டுவிட்டருக்குப் பெரும் பங்கு உண்டு. பேஸ்பால் அணி மேலாளர் டோனி லா ரூசா தம் பெயரில் இயங்கிய போலிக் கணக்கை எதிர்த்து வழக்குத் தொடுத்ததைத் தொடர்ந்து, 2009ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் அடையாளச் சரிபார்ப்பைத் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் குறி 'இவர் சொல்லிக்கொள்ளும் நபர்தான் இவர்' என்று பொருள்பட்டது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் மாதம் எட்டு டாலர் கட்டுபவர்களுக்கும் அதே வடிவமும் அதே நிறமும் கொண்ட குறி வழங்கப்பட்டதும், அதன் பொருள் 'இவர் பணம் கட்டியவர்' என்று மாறியது. ஆனால் பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை. சில நாட்களுக்குள், எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் எட்டு டாலர் கட்டிய ஒருவர் இனி இன்சுலின் இலவசம் என்று அறிவிக்க, உண்மையான நிறுவனம் மறுப்பும் வருத்தமும் தெரிவிக்க நேர்ந்தது. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம், எக்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, பயனர்களை ஏமாற்றும் வகையில் டிக் குறி அமைந்திருப்பதை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

ஜிமெயிலின் குறியையும் எக்ஸ் தளத்தின் குறியையும் ஒப்பிட்டால், வடிவமும் நிறமும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவாகும். ஒரு தளத்தில் கற்றுக்கொண்ட பொருளை இன்னொரு தளத்துக்கு எடுத்துச் செல்வதும், ஒரே தளத்தில் நேற்று இருந்த பொருள் இன்றும் இருப்பதாகக் கொள்வதும் ஒரே வகைப் பிழைகளே.

எப்படி வாசிப்பது?

முதலில் கவனிக்க வேண்டியது குறி இருக்கும் இடம். செயலி தானாக வரையும் குறி, அனுப்புநர் எழுத முடியாத இடத்தில்தான் தெரியும். காட்சிப்பெயருக்குள்ளேயே ஒரு டிக் எழுத்துருவைச் சேர்ப்பதற்கோ, சுயவிவரப் படத்தின் மூலையில் ஒரு டிக்கை வரைந்துகொள்வதற்கோ எவருக்கும் தடையில்லை. வட்டத்துக்குள் தெரியும் லோகோவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: ஜிமெயிலில் அந்த வட்டம், அனுப்புநரின் கூகுள் கணக்கில் உள்ள சுயவிவரப் படத்துக்கும் உரிய இடம் என்பதால், ஒரு வங்கியின் லோகோவைத் தம் படமாக வைத்திருக்கும் தனிநபரின் கடிதமும் அதே தோற்றத்தில் வரக்கூடும். லோகோ மட்டும் இருந்தால், அது எதையும் நிறுவுவதாகக் கொள்ள இயலாது.

அடுத்தது, பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைத் திறந்து பார்ப்பது. ஜிமெயிலை இணைய உலாவியில் திறந்து, கடிதத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் அசல் வடிவத்தைக் காட்டும் தேர்வை அழுத்தினால், மேற்சொன்ன மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். கீழ்க்கண்டது அதன் சுருக்க வடிவம்:

```
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@example.com;
  spf=pass smtp.mailfrom=bounce.example.com;
  dmarc=pass (p=REJECT) header.from=example.com
```

இங்கே `pass` என்ற சொல்லைவிட அதற்கு அடுத்து வரும் டொமைனே முக்கியமானது. மோசடிக்காரர் தாமே வாங்கிய டொமைனுக்கும் மூன்று சோதனைகளும் தேறும். தம் சொந்த டொமைனுக்குத் தாமே ஒப்பமிடுவதை எவராலும் தடுக்க முடியாது. `header.i` என்பதிலும் `header.from` என்பதிலும் இருப்பது தாம் அறிந்த நிறுவனத்தின் டொமைன்தானா, அல்லது ஓர் எழுத்தோ ஒரு கோடோ கூடுதலாகச் சேர்ந்த வேறொன்றா என்பதைத்தான் வாசகர் பார்க்க வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் அனைத்தும் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31க்குள் bank.in என்று முடியும் டொமைனுக்கு மாற வேண்டும் என்று பணித்ததன் பயன் இங்கே விளங்கும். அந்த முடிவோடு டொமைன் பதிவு செய்து தரும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு என்பதால், சரிபார்ப்பு படத்தில் அல்லாமல் முகவரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

குறி இல்லாததைக் குற்றமாகக் கொள்வதும் தவறு. வணிகச் சின்னப் பதிவும் ஆண்டுக் கட்டணமும் தாங்கக்கூடிய நிறுவனங்களே இதைப் பெறுகின்றன. ஊரில் உள்ள பள்ளிக்கூடமோ கூட்டுறவுச் சங்கமோ சிறு கடையோ எவ்வளவு நேர்மையாக இயங்கினாலும் அவற்றின் கடிதங்கள் வெறும் பெயரோடுதான் வரும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் செயலியைப் பயன்படுத்துபவருக்கோ, பிமி முறையை அது ஏற்காததால், இந்த லோகோக்களே தெரிவதில்லை.

பணம் செலுத்தவோ, கடவுச்சொல்லைத் தரவோ, ஓர் எண்ணை அழைக்கவோ கேட்கும் கடிதத்தில் டிக் குறி இருந்தால், அந்தக் கடிதம் இன்ன டொமைனின் ஒப்பத்தோடு வந்தது என்ற அளவுக்கு மட்டும் அதை ஏற்றுக்கொள்ளலாம். கேட்கப்பட்ட செயலைச் செய்வதா வேண்டாமா என்பதை, கடிதத்தில் உள்ள இணைப்பையும் எண்ணையும் விட்டுவிட்டு, நிறுவனத்தின் செயலியையோ முன்பே அறிந்த முகவரியையோ தாமாகத் திறந்து கடிதம் சொல்வது உண்மையா என்று அங்கே பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பேபால் பெயரில் வந்த கோரிக்கையும், கூகுளின் ஒப்பத்தோடு வந்த அறிவிப்பும் எல்லாச் சோதனைகளிலும் தேறியபின் இந்த ஒரு சோதனையில்தான் தோற்றிருக்கும்.